மாட்டாதா, மாட்டாவா?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டு டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாகக் கிழக்கே பாமன்கடைச் சந்திவரை நடப்பவர்க்குத் தமிழ் எழுத்துக்குப் பஞ்சமில்லை. புடைவைக் கடை, மருந்துக் கடை, தனியார் கல்வி நிலையம், வாடகைக்கு வீடு என்று எழுதிய அட்டை எனக் கண் போகுமிடமெல்லாம் தமிழ் தொங்குகிறது. அவற்றைப் படித்துக்கொண்டு போனால் ஓர் உண்மை விளங்கும். ஒன்றை உண்டென்று கூறும்போது நம்மவர் அநேகமாகத் தவறுவதில்லை. ஒன்றை இல்லையென்று கூறும்போதும், ‘இப்படியானால் அப்படி’ என்று நிபந்தனை விதிக்கும்போதுமே வினைச்சொல்லின் வால் பிசகிவிடுகிறது.

கடைப் பற்றுச்சீட்டின் அடியில் வழக்கமாகக் காணப்படும் வாக்கியத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ‘விற்ற பொருள்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்பது அது. (பொருள்கள் என்பதா, பொருட்கள் என்பதா என்ற வழக்கை இன்று தொடமாட்டோம்.) இங்கே எழுவாய் பன்மை, பயனிலையோ ஒருமை. உடன்பாட்டில் இதே கடைக்காரர் ‘பொருள்கள் வந்துள்ளன’ என்று திருத்தமாகவே எழுதுவார். ‘பொருள்கள் வந்துள்ளது’ என்று எழுதினால் அவர் வீட்டுப் பிள்ளையே சிரிக்கும். எதிர்மறைக்கு வந்தவுடன் மட்டும் இந்த உணர்வு எங்கே போய்விடுகிறது?

காரணம் இல்லாமற் போகவில்லை. அஃறிணைப் பன்மை உடன்பாட்டில் ‘அன’ என்றோ ‘அ’ என்றோ முடியும்: வந்தன, வந்துள்ளன, நல்ல, பெரிய. எதிர்மறையில் அதற்கு ஆகாரம் ஒன்றே விகுதி: வாரா, நடவா, மாட்டா. அகரம், ஆகாரம் இரண்டும் பலவின்பாலுக்கு உரியவை என்றும், அவற்றுள் ஆகாரம் எதிர்மறைக்கு மட்டுமே வரும் என்றும் நன்னூல் வரையறுத்துச் சொல்கிறது. ஆகவே ‘பொருள்கள் திருப்பி எடுக்கப்படமாட்டா’ என்பதே திருத்தமான வாக்கியம். ஆனால் ‘மாட்டா’ என்று நின்றுவிடும் சொல், பார்ப்பவர் கண்ணுக்கு அரைகுறையாகத் தோன்றுகிறது. கடைசி எழுத்து விடுபட்டுப்போயிற்றென்று எண்ணி, அச்சுக்கோப்பவரோ கணினியில் தட்டச்சிடுபவரோ தாமாகவே ஒரு ‘து’வைச் சேர்த்து உதவி செய்துவிடுகிறார். இந்த உதவியினால் பன்மை ஒருமையாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நமது நகரத்து அறிவித்தல்களிற் பல, வேறு மொழியில் எழுதப்பட்டபின் தமிழுக்கு வருபவை. ஆங்கிலத்தில் எதிர்காலத்தை மறுக்கும் சொல், பொருள் ஒன்றாயினும் பலவாயினும் மாறுவதில்லை. பேச்சுச் சிங்களத்திலும் வினைமுற்று ஒருமை பன்மை பார்த்து மாறுவதில்லை. அவற்றைத் தமிழாக்குபவர், மாறாத அச்சொல்லுக்கு ஈடாக மாறாத ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடி, ‘மாட்டாது’ என்பதைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்தபின் அதை எல்லார் தலையிலும் வைக்கிறார். ‘12 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் அனுமதிக்கப்படமாட்டாது’ என்ற வாக்கியம் பிறப்பது இப்படித்தான்.

இந்தச் சிறுவர் வாக்கியத்தைச் சற்று உற்று நோக்கலாம். எழுதியவர் மனத்தில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று, ‘சிறுவர்களுக்கு அனுமதி வழங்கப்படமாட்டாது’ என்பது. இதில் எழுவாய் ‘அனுமதி’. அது அஃறிணை ஒருமையாதலின் ‘மாட்டாது’ பொருந்தும். மற்றது, ‘சிறுவர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள்’ என்பது. இதில் எழுவாய் ‘சிறுவர்கள்’. முதல் வாக்கியத்தின் வாலை இரண்டாம் வாக்கியத்தின் உடலில் ஒட்டியதே பிழை. எனவே இத்தகைய வாக்கியம் எழுதும்போது ‘படமாட்டாது’ என்று முடிக்குமுன், யார் அல்லது எது என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். கடைக்காரருக்கு இன்னும் எளிய வழியொன்று உண்டு. ‘கள்’ளை விட்டுவிட்டு ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று எழுதினால் எவரும் குறை சொல்லார். ‘மாட்டா’ என்று எழுத மனம் கூசுபவர்க்கு இதுவே ஏற்ற வழி.

‘அல்ல’ என்பதன் கதையும் இதனோடு சேர்ந்ததே. பழைய இலக்கணப்படி இச்சொல் ஒவ்வொரு பாலுக்கும் ஒவ்வொரு வடிவம் கொள்ளும். நான் அல்லேன், நாம் அல்லோம், நீ அல்லை, நீர் அல்லீர், அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. ‘இல்லை’ என்பது இவ்வாறு மாறாது. அதனை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவென்று நன்னூலார் விட்டுவிட்டார். அந்தச் சலுகையை நம்மவர் ‘அல்ல’ என்பதற்கும் நீட்டிவிட்டனர். ‘இது உண்மை அல்ல’ என்று எழுதாத பத்திரிகை இன்று இல்லை. இவ்வழக்கு இனித் திரும்பப் போவதில்லை. திரும்பவேண்டுமென்று நாம் பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. எழுத்து நடை செந்தமிழாக இருக்குமிடத்து ‘அன்று’ என்று எழுதுவது அழகு என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

நமக்குப் பொறுக்க முடியாதது வேறொன்று. ‘அன்று’ என்பதே உயர்ந்த தமிழ் என்று எவரோ சொல்லக் கேட்டு, ‘அவை உண்மைகள் அன்று’ என்றும், ‘அவர் மருத்துவர் அன்று’ என்றும் எழுதுவோர் உளர். இது புதிய வழக்குமன்று, பழைய இலக்கணமுமன்று. திருத்தப் போய்க் கெடுத்த கதை.

பொருளில் வேறுபாடு இருப்பதால், ‘அல்ல’ வரவேண்டிய இடத்தில் ‘இல்லை’ வருவதையும் கவனிக்கவேண்டும். ‘இங்கே மருத்துவர் இல்லை’ என்றால் மருத்துவர் வெளியே போயிருக்கிறார் என்று பொருள். ‘இங்கே இருப்பவர் மருத்துவர் அல்லர்’ என்றால் உள்ளே உட்கார்ந்து மருந்து எழுதுபவரைப்பற்றி நாம் கவலைப்படவேண்டும். முன்னது இன்மை, பின்னது ஒன்று மற்றொன்றாகாமை. ‘இன்றி’, ‘அன்றி’ என்ற இரண்டுக்கும் இதே வேறுபாடுதான். ‘பணமின்றி வந்தார்’ என்றால் அவர் கையில் பணமில்லை. ‘பணமன்றிப் பொருளும் தந்தார்’ என்றால் பணத்தோடு பொருளும் தந்தார். ஓரெழுத்து மாறினால் கொடையாளி ஏழையாகிவிடுவார்.

இனி நிபந்தனைக்கு வருவோம். ‘வந்தால்’ என்பது மிக எளிய சொல். நான், நீ, அவன், அவள், அது, அவை என எதனோடு சேர்ந்தாலும் அது மாறாது. அதன் அமைப்பைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வந்தான், வந்தது, வந்து, வந்தால் எல்லாவற்றுக்கும் அடி ஒன்றே. அது இறந்தகாலத்து அடி. ‘நாளை வந்தால்’ என்று வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போதும் ‘ஆல்’ என்னும் விகுதி இறந்தகால அடியின்மீதே ஏறி உட்காரும். படித்தால், போனால், எழுதினால் யாவும் இவ்வாறே.

அப்படியானால் எதிர்மறையில் ‘ஆல்’ எங்கே ஏறும்? இங்கேதான் தமிழ் எதிர்மறையின் சிறப்பொன்று குறுக்கிடுகிறது. பழைய எதிர்மறை வினைக்குக் கால இடைநிலையே கிடையாது. ‘வாரான்’ என்றால் நேற்றும் வாரான், இன்றும் வாரான், நாளையும் வாரான். அச்சொல்லில் ‘த்’, ‘கிறு’, ‘வ்’ எதுவும் இல்லை. மறுப்பு ஒன்றே உண்டு. 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் இவ்வினையைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். இன்று நாம் சென்றதற்கும் நிகழ்வதற்கும் ‘வரவில்லை’ என்றும், வருவதற்கு ‘வரமாட்டான்’ என்றும் பிரித்து எழுதுகிறோமாயினும், ‘மழை பெய்யாது’, ‘இது சரிவராது’ என்று பேசும்போது அந்தப் பழைய வினையே நம் வாயில் வருகிறது.

இறந்தகால அடி இல்லாத சொல்லின்மீது ‘ஆல்’ ஏற முடியாது. ஆகவே எதிர்மறை, ஏறுவதற்கு இன்னொரு வினையைத் துணைக்கழைத்தது. அதுவே ‘விடு’. அதற்கு இறந்தகால அடி உண்டு: விட்டான், விட்டு, விட்டால். இவ்வாறு ‘வரா’ என்ற மறுப்பும் ‘விட்டால்’ என்ற நிபந்தனையும் சேர்ந்து ‘வராவிட்டால்’ ஆயிற்று. ‘வராதிருந்தால்’ என்பதில் ‘இரு’ வந்து இதே உதவியைச் செய்கிறது. ‘இன்’ என்ற விகுதிக்கும் ‘விடு’ துணை நின்று ‘வராவிடின்’ என வரும். அழைப்பிதழ் விளம்பரங்களில் ‘அழைப்பிதழ் கிடைக்காவிடின் இதனையே அழைப்பாகக் கொள்க’ என்று காண்கிறோமே, அது முற்றிலும் திருத்தமான வாக்கியம்.

இந்த அமைப்பை அறிந்தவர்க்குப் பிழை தானாகவே தெரியும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘வராவிட்டால்’ என்பது தேய்ந்து ‘வராட்டி’ என்றும் ‘வராட்டா’ என்றும் ஒலிக்கும். பேச்சில் அது குற்றமன்று. ஆனால் அதை எழுத்தில் உயர்த்த எண்ணி, ‘வராட்டால்’, ‘செய்யாட்டால்’ என்று கடிதத்தில் எழுதுவோர் உளர். பாதி பேச்சும் பாதி எழுத்துமாகிய இச்சொல்லில் ‘வி’ காணாமற் போய்விட்டது. துணைக்கு வந்த வினையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எழுதினால் ‘வராவிட்டால்’ என்று முழுதாக எழுதவேண்டும். நாடகத்திலோ கதையிலோ பாத்திரம் பேசுமாயின் ‘வராட்டி’ என்றே எழுதிவிடலாம்.

பேச்சினால் நேரும் மற்றொரு மயக்கம் ‘ஆல்’, ‘ஆள்’ பற்றியது. பேச்சில் ‘அவ வந்தா’ என்றாலும், ‘மழை வந்தா’ என்றாலும் ஈற்று மெய் காதில் விழுவதில்லை. எழுதும்போது லகரமா ளகரமா என்று கை தடுமாறுகிறது. ‘அவள் வந்தால் சொல்லுங்கள்’ என்றால் வரவை எதிர்பார்த்திருக்கிறோம். ‘அவள் வந்தாள், சொல்லுங்கள்’ என்றால் வந்துவிட்டாள், நடந்ததைக் கூறுக என்பதாகும். சந்தேகம் வந்தால் ‘அவள்’ என்பதை எடுத்துவிட்டு ‘அவன்’ என்று வைத்துப் பார்க்க. ‘அவன் வந்தான்’ என்று சொல் மாறினால் அவளுக்கு ளகரம். ‘அவன் வந்தால்’ என்று மாறாது நின்றால் லகரம். சிறு பிள்ளைகளுக்கும் இச்சோதனை எளிதில் விளங்கும்.

‘வந்தால்’ என்பது எளிய சொல்லாக இருப்பதனாலேயே, மேடைத் தமிழ் எழுதுவோர் அதை விட்டு ‘வருமாயின்’ என்பதை நாடுகின்றனர். அது அத்துணை எளியதன்று. ‘வரும்’ என்னும் வினைமுற்று அவன், அவள், அது, அவை ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. நான், நீ, நீங்கள், அவர்கள் என்பவற்றோடு அது சேராது. ஆதலால் ‘கூட்டம் நடைபெறுமாயின்’ சரி. ‘மழை பெய்யுமாயின்’ சரி. சங்கக் கடிதங்களிற் காணும் ‘தாங்கள் வருமாயின்’ என்பதும், ‘உறுப்பினர்கள் தவறுமாயின்’ என்பதும் சரியல்ல. ‘தாங்கள் வருவீர்களாயின்’, ‘உறுப்பினர்கள் தவறுவார்களாயின்’ என்று எழுதல் வேண்டும். இவ்வளவு நீளம் வேண்டாமென்றால் ‘தாங்கள் வரின்’, ‘உறுப்பினர்கள் தவறின்’ என்று எழுதலாம். ‘இன்’னும் ‘ஆல்’ போலவே எல்லார்க்கும் பொது. சுருக்கமும் செம்மையும் ஒருங்கே கிடைக்கும்போது ‘ஆயின்’ எதற்கு என்பது நமது அபிப்பிராயம்.

இதுவரை கண்ட பிழைகள் இலக்கணத்தைக் கெடுத்தனவேயன்றிப் பொருளைப் பெரிதும் கெடுக்கவில்லை. ‘பொருள்கள் எடுக்கப்படமாட்டாது’ என்றாலும் பொருளைத் திருப்பிக் கொண்டுபோவார் எவருமில்லை. ஆனால் எதிர்மறையும் நிபந்தனையும் ஒரே வாக்கியத்தில் கைகோக்கும்போது பணமே கைமாறிவிடக்கூடும். பாமன்கடைப் பக்கத்து மேல்மாடி வீடொன்றின் வாடகை உடன்படிக்கையைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மூன்று மாத வாடகை முற்பணம். அதனைப் பற்றிய வாசகம் பின்வருமாறு இருந்தது:

‘குடியிருப்பவர் ஒரு மாதத்துக்கு முன்னர் எழுத்துமூலம் அறிவித்தல் கொடுக்காவிட்டாலொழிய முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.’

படித்தவுடன் யாவர்க்கும் விளங்குவதுபோலவே இருக்கிறது. வீட்டுக்காரரும் குடியிருந்தவரும் விளங்கிக்கொண்டுதான் கையெழுத்திட்டனர். முன்னறிவித்தல் கொடுத்தால் பணம் வரும், கொடுக்காவிட்டால் வராது என்பதே இருவர் எண்ணமும். ஆனால் வாசகம் சொல்வது அதுவா?

பின்னாலிருந்து பிரித்துப் பார்ப்போம். ‘முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.’ இது பொதுவிதி, பணம் வராது. ‘ஒழிய’ என்றால் ‘தவிர’ என்று பொருள். பொதுவிதிக்கு ஒரு விலக்கு உண்டு என்பதை அது காட்டுகிறது. அந்த விலக்கு எது? ‘ஒழிய’வுக்கு முன்னே நிற்பதே விலக்கு. அங்கே நிற்பதோ ‘அறிவித்தல் கொடுக்காவிட்டால்’. ஆகவே அறிவித்தல் கொடுக்காதவருக்கே பணம் திரும்பும். ஒழுங்காக ஒரு மாதத்துக்கு முன் கடிதம் எழுதிக் கொடுத்தவர், விலக்குக்குள் வராமற் பொதுவிதியில் அகப்பட்டு, மூன்று மாத முற்பணத்தையும் இழப்பார். இரவோடிரவாகச் சாமானை ஏற்றிக்கொண்டு போனவர் பணத்தைக் கேட்டுப் பெறலாம்!

பிழை ‘கொடுக்கா’ என்பதில் இருக்கிறது. ‘ஒழிய’ என்ற சொல்லே ஒரு மறுப்பைத் தன் வயிற்றில் வைத்திருக்கிறது. அதற்கு முன் வரும் நிபந்தனை உடன்பாடாகவே இருக்கவேண்டும். ‘மழை பெய்தாலொழியப் பயிர் பிழைக்காது’ என்று எந்தக் கமக்காரரும் திருத்தமாகச் சொல்வார். ‘மழை பெய்யாவிட்டாலொழிய’ என்று அவர் சொல்லார். சொன்னால் மழையே பயிருக்குப் பகையாகிவிடும். ‘அன்றி’க்கும் இதே விதி. ‘பணம் செலுத்தினாலன்றி’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘பணம் செலுத்தாவிட்டாலன்றி’ என்று கல்வி நிலைய அறிவித்தல்களில் வருவதும் இவ்வகைப் பிழையே. படிப்பவர் நல்லெண்ணத்தினால் ஒரு மறுப்பை மனத்திலேயே நீக்கிவிட்டுப் படிக்கிறார். பிணக்கு வந்து, எழுத்தை எழுத்தாகவே படிக்கும் ஒருவர் கைக்குத் தாள் போனால் அந்த நல்லெண்ணம் உடன் போவதில்லை.

பிழை உண்டா என்று காண ஒரு வழி சொல்வோம். ‘ஒழிய’, ‘அன்றி’ என்பவற்றைக் கண்ட இடத்தில், அவற்றை எடுத்துவிட்டு ‘மட்டுமே’ என்று வைத்து, இறுதி வினையை உடன்பாடாக மாற்றிப் படிக்க. ‘மழை பெய்தால் மட்டுமே பயிர் பிழைக்கும்’: பொருந்துகிறது. ‘அறிவித்தல் கொடுக்காவிட்டால் மட்டுமே முற்பணம் திருப்பித் தரப்படும்’: கேட்டவுடனே காது சுடுகிறது. சுட்டால் உள்ளே ஒரு மறுப்பு மிகையாக இருக்கிறது.

அந்த உடன்படிக்கையை நல்ல தமிழில் எழுதுவதாயின் மூன்று வழிகள் உண்டு. ‘அறிவித்தல் கொடுத்தாலொழிய முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்பது ஒன்று. ‘அறிவித்தல் கொடுக்காவிடின் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்பது மற்றொன்று. ஆனால் இரண்டாவதில் ஒரு சிறு இடைவெளி உண்டு. கொடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதை அது சொல்கிறது. கொடுத்தால் பணம் கட்டாயம் வரும் என்று அது சொல்லவில்லை. ஆகவே பணம் சம்பந்தப்பட்ட தாளில் நாம் விரும்புவது மூன்றாவதையே. அதில் வாக்கியம் இரண்டாகும்: ‘குடியிருப்பவர் ஒரு மாதத்துக்கு முன்னர் எழுத்துமூலம் அறிவித்தல் கொடுத்தால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். கொடுக்காவிட்டால் திருப்பித் தரப்படமாட்டாது.’

நாம் பார்த்த அந்தத் தாளுக்குரிய வீட்டுக்காரர் நாணயமானவர். குடியிருந்தவர் கடிதம் கொடுத்து வெளியேறியபோது முற்பணத்தைக் குறையாமல் எண்ணிக் கொடுத்துவிட்டார். அடுத்துக் குடிவந்தவருக்கும் அதே உடன்படிக்கையே பிரதி செய்யப்பட்டது. பெயரும் தேதியும் மட்டும் மாறின.